கணக்கில் நூறு, கடையில் முப்பது

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சாமான் தீர்ந்துபோனால் உடனே மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள். முதல் ஆள் வாடிக்கையாளர்: "திடீர்னு எல்லாரும் வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க." இரண்டாவது ஆள் டிஸ்ட்ரிபியூட்டர்: "லோடு லேட்டா அனுப்பிட்டான்." மூன்றாவது, எப்போது ஆர்டர் போடவேண்டும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்த ஃபார்முலா: "இதெல்லாம் காலேஜ்ல பரீட்சைக்குத்தான் சரி, கடைக்கு ஒத்துவராது."

மூவருமே நிரபராதிகளாக இருந்தும் அலமாரி காலியாகும். விற்பனை வழக்கம்போல, லோடு சொன்ன தேதியில், ஃபார்முலாவும் பிழையில்லை. ஆனாலும் சரக்கு இல்லை. குற்றவாளி ஐந்து நாளைக்கு ஒன்று என்ற வேகத்தில், எந்தப் பில்லிலும் வராமல் காணாமல் போகும் சரக்கு. இதற்கு ஷ்ரிங்கேஜ் என்று பெயர். தமிழில் கசிவு என்றே சொல்லலாம். ஒரு சதவீதம்தானே என்று எல்லாரும் அலட்சியமாகக் கடந்துபோகும் இந்தக் கசிவு என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு சாக்லேட்டை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒரு கற்பனைக் கடை. 40 ரூபாய் சாக்லேட் ஒன்று. ஒரு நாளைக்குச் சராசரியாக 20 விற்கிறது. சில நாள் 14, சில நாள் 26 என்று ஏறி இறங்கும்; திட்ட விலக்கம் 6. ஆர்டர் போட்டால் 4 நாளில் வந்துவிடும். ஒரு தடவைக்கு 300 வாங்குவது வழக்கம். 100 தடவை ஆர்டர் போட்டால் 95 தடவையாவது, புது லோடு வரும்வரை சரக்கு தீராமல் இருக்கவேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பாடப்புத்தகம் சொல்லும் கணக்கு இது:

```
R = 20 × 4 + 1.65 × 6 × √4 ≈ 80 + 20 = 100
```

காத்திருக்கும் 4 நாளில் சராசரியாக விற்கப்போவது 80. அதற்குமேல் விற்பனை எகிறினால் தாங்குவதற்கு 20. இந்த 20தான் சேஃப்டி ஸ்டாக். ஆக, கையிருப்பு 100ஐத் தொட்டதும் கணினி தானாக ஆர்டர் போடும். இதில் ஒரு குறையும் இல்லை. எந்தப் பேராசிரியரிடம் காட்டினாலும் முழு மார்க் போடுவார்.

இப்போது கசிவைச் சேர்த்துப் பாருங்கள். விற்பனையில் 1 சதவீதம், அதாவது ஐந்து நாளைக்கு ஒரு சாக்லேட் காணாமல் போகிறது. திருட்டு என்று மட்டும் நினைக்கவேண்டாம். வெயிலில் உருகிப்போனதை எடுத்து வீசியவர் கணினியில் எழுதியிருக்க மாட்டார். டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டியில் 300க்குப் பதில் 298 இருந்திருக்கும், எண்ணாமலே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பில் போடும் இடத்தில் இன்னொரு தமாஷும் நடக்கும். வாடிக்கையாளர் பாதாம் இரண்டும் சாதா இரண்டும் கொண்டுவருவார். விலை ஒன்றுதானே என்று பாதாமையே நான்கு தடவை ஸ்கேன் செய்துவிடுவார்கள். பணம் சரியாக வந்துவிடும். சாதா சாக்லேட் கணக்கில் மட்டும் இல்லாத இரண்டு உட்கார்ந்திருக்கும்.

எப்படிப் போனால் என்ன, முக்கியமான விஷயம் ஒன்றுதான்: கணினிக்குத் தெரிந்த கையிருப்பு என்பது வந்ததில் இருந்து பில் போட்டதைக் கழித்தது. அது அலமாரியைப் பார்த்ததே இல்லை. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்காமல், ஊற்றியது எத்தனை குடம், குழாயில் பிடித்தது எத்தனை குடம் என்று மட்டும் சுவரில் கோடு போட்டு வைப்பது மாதிரி. அடியில் சொட்டும் ஓட்டை அந்தக் கோடுகளில் வராது.

முதல் நாள் கணக்கும் அலமாரியும் ஒன்றாக இருக்கின்றன. 50ஆம் நாள் 10 சாக்லேட் குறைந்துவிட்டது. கணினி 100 என்று காட்டி ஆர்டர் போடும்போது உண்மையில் இருப்பது 90. சேஃப்டி ஸ்டாக்கில் பாதி போய்விட்டது. 95 சதவீதப் பாதுகாப்பு இப்போது சுமார் 80. இன்னும் யாருக்கும் எதுவும் தெரியாது.

100ஆம் நாள் குறைவு 20. ஆர்டர் போடும்போது உள்ளது 80, காத்திருக்கும் நாட்களின் சராசரி விற்பனையும் 80. சேஃப்டி ஸ்டாக் சுத்தமாகக் கரைந்துவிட்டது. பூவா தலையா போட்டுப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். இரண்டு தடவையில் ஒரு தடவை அலமாரி காலி.

200ஆம் நாள் குறைவு 40ஐ நெருங்குகிறது. இப்போது 100 தடவையில் 95 தடவை சரக்கு தீர்ந்துபோகும்! 95 சதவீதம் பாதுகாக்கவேண்டிய விதி 95 சதவீதம் தோற்கிறது. கணினித் திரையிலோ எதுவும் மாறவில்லை. ரீஆர்டர் லெவல் அதே 100. சேஃப்டி ஸ்டாக் அதே 20, பச்சை விளக்கோடு.

இந்த இடத்தில்தான் நம் அனுபவஸ்தர்கள் உள்ளே வருவார்கள். "சேஃப்டி ஸ்டாக் பத்தலை, ஏத்துங்க." 20ஐ 40 ஆக்குவார்கள். கொஞ்ச நாள் நன்றாகவும் போகும். "பாத்தீங்களா, அனுபவம்!" என்று மார் தட்டவும் செய்வார்கள். அவர்கள் வாங்கியது இன்னொரு 100 நாள் தவணை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதே கதை. மறுபடியும் ஏற்று, மறுபடியும் கரையட்டும். காசு அலமாரியில் முடங்கியதுதான் மிச்சம்.

இது ஏன் வேலைக்கு ஆகாது என்றால், சேஃப்டி ஸ்டாக் வேறொரு நோய்க்கான மருந்து. விற்பனையின் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் போகும். இந்த வாரம் கூட விற்றால் அடுத்த வாரம் குறைய விற்கும். அதோடு, கூட விற்றது பில்லில் பதிவாகிவிடுவதால் கணினி அடுத்த ஆர்டரை முன்கூட்டியே போட்டுச் சரிசெய்துகொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் கணக்கு புதிதாக ஆரம்பிக்கிறது. அதனால்தான் 20 என்ற நிலையான ஒரு எண் போதுமானதாக இருக்கிறது.

கசிவு அப்படியல்ல. அது ஒரே பக்கமாகப் போகும், திரும்பி வராது, பதிவாகாது. இந்தச் சுற்றில் போன மூன்றோடு அடுத்த சுற்றின் மூன்றும் சேரும். நாள் ஆக ஆக வளரும் ஒன்றை வளராத ஒரு எண்ணால் தடுக்க முடியுமா? எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் ஒருநாள் அதைத் தாண்டிவிடும். 20 போதுமா 40 போதுமா என்ற விவாதமே தப்பு.

அடுத்து கணக்காளர் கட்சி. "வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டாக் எடுக்கிறோமே, ஒரு பர்சென்ட்தான் குறையுது. தொழில்ல இதெல்லாம் சகஜம்" என்பார்கள். அவர்கள் பார்ப்பது திருடுபோனதன் மதிப்பை மட்டும். அதே சாக்லேட்டை வருடம் முழுக்கப் போட்டுப் பார்ப்போருக்கு வேறொரு எண் கிடைக்கும்.

வருடக் கடைசியில் குறைவு கிட்டத்தட்ட 70. கணினி 100 என்று ஆர்டர் போடும்போது அலமாரியில் இருப்பது 30. ஒன்றரை நாளில் அது தீர்ந்துவிடும், அடுத்த இரண்டரை நாள் காலி. சுமார் 17 நாளைக்கு ஒருமுறை லோடு வருகிறது என்றால், ஏழு நாளில் ஒரு நாள் சாக்லேட் கிடையாது. முதல் 100 நாள் தப்பித்தது போக, மீதி நாட்களில் இப்படி விற்காமல் போனதைக் கூட்டினால் 430 வரும். காணாமல் போனது 70, அதனால் விற்காமல் போனது 430. ஒன்றுக்கு ஆறு!

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் இரண்டையும் ரூபாயில்தான் ஒப்பிடவேண்டும். கொள்முதல் விலை 34 என்று வைத்தால் காணாமல் போனதில் நஷ்டம் 2,380 ரூபாய். விற்காமல் போனதில் ஒன்றுக்கு 6 ரூபாய் வீதம் 2,580 ரூபாய். ஆக, கணக்காளர் சகஜம் என்று எழுதிய தொகைக்குச் சமமான, இன்னும் கொஞ்சம் அதிகமான, இன்னொரு நஷ்டம் இருக்கிறது. அது எந்த லெட்ஜரிலும் வராது. நடக்காத விற்பனைக்கு யார் பில் போடுவார்கள்?

கசிவு 2 சதவீதமாக இருந்தால் கதை இன்னும் மோசம். இரட்டிப்பு நஷ்டத்தோடு நின்றுவிடாது, வேறொன்று நடக்கும். சுமார் 275 நாளில் மொத்தக் குறைவு 100ஐத் தாண்டிவிடும். அன்று அலமாரியில் கடைசி சாக்லேட் விற்றுத் தீரும்போது கணினியில் இருப்பது 101. ஆர்டர் போடவேண்டிய எண் 100. இன்னும் ஒன்று விற்றால் ஆர்டர் போகும். விற்க ஒன்றுகூட இல்லை. விற்பனை இல்லாததால் எண் குறையாது, எண் குறையாததால் ஆர்டர் போகாது, ஆர்டர் போகாததால் சரக்கு வராது. அடுத்த ஸ்டாக் எடுக்கும் நாள்வரை, மூன்று மாதம், அந்தச் சாமான் கடையில் செத்துக் கிடக்கும். கணினியைக் கேட்டால் "101 இருக்கிறது" என்று சத்தியம் செய்யும்.

இதைவிடக் கொடுமை, பல மென்பொருள்கள் விற்பனையைப் பார்த்துத் தேவையைத் தாமாகவே திருத்திக்கொள்ளும். காலியாக இருந்த நாட்களில் விற்பனை பூஜ்யம். உடனே, இந்தச் சாமானுக்குத் தேவை குறைந்துவிட்டது, 20 இல்லை 17தான் என்று முடிவுகட்டி ரீஆர்டர் லெவலையும் இறக்கிவிடும். கீழே விழுந்தவனை மாடும் முட்டுகிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கு, நிஜக் கடைகள் இப்படியா இருக்கின்றன என்று கேட்கலாம். நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 கையிருப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்ததோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் தப்பு. பார்கோடும் ஸ்கேனரும் இருந்த கடைகள்தான்! பதிவாகாத கசிவு தானியங்கி ஆர்டரை எப்படிக் கெடுக்கும் என்பதை யுன் காங், ஸ்டான்லி கெர்ஷ்வின் இருவரும் 2005இலேயே கணித மாதிரியாகக் காட்டிவிட்டார்கள். கையிருப்புப் பதிவு தப்பாக இருக்கலாம் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்ட கட்டுரை இக்லஹார்ட், மோரி இருவரின் பெயரில் 1972இலேயே வந்தாயிற்று. ஆனால் இன்றும் பரீட்சைத் தாளில் "கையிருப்பு 100 எனக் கொள்க" என்று ஒரு வரி. அந்த "எனக் கொள்க" சரியா என்று கேட்கும் வினா மட்டும் வருவதில்லை.

கணினி இல்லாத பழைய மளிகைக்கடை அண்ணாச்சிக்கு இந்த நோய் வருவதில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் வைத்திருப்பது இரண்டு டின். முன் டின் தீர்ந்து பின் டின்னைத் திறந்தால், அன்றே ஆர்டர். பின் டின்னில் இருக்கும் அளவுதான் அவருடைய ரீஆர்டர் லெவல். முன் டின்னில் எலி தின்றால் என்ன, பையன் எடுத்து வாயில் போட்டால் என்ன, டின் கொஞ்சம் சீக்கிரம் தீரும், ஆர்டர் கொஞ்சம் சீக்கிரம் போகும். கசிவையும் விற்பனையாகவே நினைத்து அவருடைய முறை ஈடுகட்டிவிடுகிறது. அவர் பார்ப்பது சரக்கை. கணினி பார்ப்பது சரக்கைப் பற்றிய கணக்கை. விதி இரண்டு பேருக்கும் ஒன்றே.

அதற்காகக் கணினியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆறாயிரம் சாமானுக்கு ஆறாயிரம் இரட்டை டின் வைக்க முடியாது. கணினிக்கு அவ்வப்போது அலமாரியைக் காட்டினால் போதும்.

முதலில் நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. இது ரொம்ப எளிது. அலமாரி காலியான அந்த நிமிடம் கணினியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் உண்மையிலேயே விற்பனை எகிறியிருக்கிறது, அல்லது லோடு தாமதம். ஃபார்முலாவைத் திட்டவேண்டும் என்றால் அப்போது திட்டலாம். கணினி 35 என்று காட்டினால், அதுவரை நடந்த கசிவின் மொத்தம் 35. ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த 35ஐ பூஜ்யம் ஆக்குவதற்குமுன் குடோனில் தேடவேண்டும். வேறு அலமாரியில் தப்பாக அடுக்கிய சரக்கும் இதேபோலத்தான் தெரியும். தேடாமல் பூஜ்யம் போட்டால், இருக்கும் சரக்குக்கே மறுபடி ஆர்டர் போகும்.

கணினியையே கேட்கவும் வைக்கலாம். ஒரு நாளைக்கு 20 விற்கும் சாமான் ஒரு நாள் முழுக்க ஒன்றுகூட விற்கவில்லை, கணக்கில் மட்டும் 101 இருக்கிறது என்றால் அது நடக்கவே முடியாத விஷயம். அப்படி ஒரு பட்டியலைத் தினமும் காலையில் அச்சடித்து, ஒரு ஆளை அனுப்பி அலமாரியைப் பார்க்கச் சொன்னால், மூன்று மாதம் செத்துக் கிடக்கும் சாமான் ஒரே நாளில் பிழைத்துவிடும். மாதத்துக்கு இரண்டு மட்டும் விற்கும் சாமானுக்கு இந்தத் தந்திரம் செல்லாது. அங்கே ஒரு வாரம் விற்காமல் இருப்பது இயல்பு. அவற்றை எண்ணித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது எண்ணுவது. வருடத்துக்கு ஒருமுறை கடையை அடைத்துவிட்டு எல்லாவற்றையும் எண்ணும் திருவிழா இதற்கு உதவாது. அந்தச் சாக்லேட்டின் பாதுகாப்பு 100 நாளில் கரைகிறது, திருவிழா 365ஆம் நாள் வருகிறது. புது லோடு வந்து இறக்குவதற்குச் சற்றுமுன் எண்ணுவதே நல்ல நேரம். அப்போதுதான் சரக்கு மிகக் குறைவாக, சராசரியாக 20 இருக்கும். ஒரு நிமிட வேலை. கணினி 23 என்றால் 20 என்று திருத்திவிட்டு அப்புறம் பெட்டியைப் பிரிக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால், அடுத்த ஆர்டர் போகும்போது குறைவு இரண்டைத் தாண்டாது. 95 சதவீதப் பாதுகாப்பு 93க்குக் குறைவதோடு சரி.

எண்ண ஆள் இல்லை என்றால், காங், கெர்ஷ்வின் சொன்ன வழிகளில் ஒன்று இருக்கிறது. ஐந்து நாளைக்கு ஒன்று போகும் என்று தெரிந்துவிட்டால், ஐந்து நாளைக்கு ஒருமுறை கணக்கில் இருந்து ஒன்றைக் கழித்துவிடச் சொல்லிக் கணினிக்கே கட்டளை கொடுக்கலாம். கணக்காளருக்குப் பிடிக்காது, ஆதாரம் எங்கே என்பார். ஆனால் சேஃப்டி ஸ்டாக்கை 40, 60 என்று ஏற்றிக்கொண்டே போவதைவிட இது எவ்வளவோ மேல். ஏனென்றால் வளரும் கசிவோடு சேர்ந்து கழிவும் வளர்கிறது. உண்மையான வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தால் சரக்கு மெல்ல மெல்லக் கூடும், அதிகமாக இருந்தால் மெல்ல மெல்லக் குறையும். அதனால் எண்ணுவதை அடியோடு விட்டுவிட முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும்.

எல்லாச் சாமானுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. பால் பாக்கெட்டைத் தினமும் எண்ணித்தான் வாங்குகிறார்கள், அங்கே கசிவு சேர வழியில்லை. 25 கிலோ அரிசி மூட்டை சட்டைப்பையில் போகாது. சின்னதாக, விலை இருக்கிற, வேகமாக விற்கிற, ஒரே விலையில் நாலு ரகம் இருக்கிற சாமான்கள்தான் மாட்டும். சாக்லேட், பிளேடு, சோப்பு, ஷாம்பு. கடையில் அதிகம் தேடப்படுவதும் இவைதான்.

ஆகவே அடுத்த தடவை "ஸ்டாக் தீர்ந்துபோச்சு, சேஃப்டி ஸ்டாக்கை ஏத்து" என்று மேனேஜர் சொன்னால், அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அலமாரி காலியானபோது கணினியில் எத்தனை இருந்தது? அந்த எண் தெரியாமல் ஏற்றப்படும் ஒவ்வொரு சாக்லேட்டும் ஓட்டைத் தொட்டியில் ஊற்றிய இன்னொரு குடம்.